முதலில் தன் விரலில்

பாவு பிணைப்பது இரண்டு பேர் செய்யும் வேலை. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதி, நெய்து முடிந்ததும் அதன் கடைசிச் சாண் இழையை அறுக்காமல் விட்டுவைப்பார்கள். புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு பட்டுப் பாவில் நாலாயிரம் இழைக்குக் குறையாது. ஒருத்தி இழையைப் பிரித்து எடுத்துக் கொடுப்பாள். எதிரில் உட்கார்ந்திருப்பவள் விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவாள்.

முள்ளிப்பட்டில் முறுக்குகிறவள் பூங்காவனம். எடுத்துக் கொடுக்கிறவள் ஆதிலட்சுமி. பதினான்கு வருடம் ஒரே பாவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தவர்கள். ஆரணியைச் சுற்றி யார் வீட்டுத் தறிக்கு ஆள் வேண்டுமென்றாலும் பூங்காவனத்துக்குத்தான் போன் வரும். அவள் வந்தால் ஆதியும் வருவாள் என்று இரண்டு டம்ளர் டீ வைத்திருப்பார்கள்.

பூங்காவனத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவர் இல்லை. மகன் ராஜ்குமாருக்குச் சென்னையில் மொபைல் கடையில் வேலை. அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், போன பொங்கலுக்கு வந்தபோது வீட்டிலேயே சோதிக்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்தான். கையகல மெஷின், ஒரு டப்பா ஸ்டிரிப், பேனா மாதிரி ஒரு கருவி, அதற்குள் போட இருபத்தைந்து ஊசிகள். பேனாவின் கழுத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் உண்டு. எண் கூடினால் ஊசி ஆழமாக இறங்கும். ராஜ்குமார் இரண்டு தடவை செய்து காட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

மீதியைப் பூங்காவனம் தானாகக் கற்றுக்கொண்டாள், தன் தொழிலை ஒட்டி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டுக்கு. அதில் சின்னப் புள்ளி விழுந்தாலும் இழை சிக்கும். அதனால் இடது கை மோதிர விரல், சுண்டு விரல் இரண்டில் மட்டும் மாற்றி மாற்றிக் குத்தினாள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்தது. ஊசியையும் லேசில் மாற்றவில்லை. வீட்டில் எதையும் ஒரு தடவை தொட்டுவிட்டு எறிந்து பழக்கமில்லாதவள். முனை மழுங்க மழுங்க ரத்தம் வர அடம்பிடித்தது. எண்ணை ஏற்றினாள். இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நாலு. சித்திரை வருவதற்குள் பேனா ஐந்தில் நின்றது. அதற்கு மேல் அதில் எண் இல்லை.

ஆனி மாதம் ஆதிலட்சுமிக்கும் சர்க்கரை வந்தது. ஆதிக்கு நாற்பத்தாறு வயது. அவள் கணவர் தருமன் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். லாரியோடு சித்தூர், பெங்களூர் என்று போய் நாலு நாள் கழித்து வருவார். ஒரே மகள் அன்புச்செல்வி, திருவண்ணாமலையில் பி.எட். படிக்கிறாள்.

"யக்கா, மாத்திரை எவ்ளோ குடுத்தாலும் முழுங்கிடறேன். இந்த ஊசி மட்டும் வேணாம்க்கா," என்றாள் ஆதி.

"ஊசின்னு யாருடி சொன்னது? கொசு கடிக்கிற மாதிரி. இப்ப பாரு." பூங்காவனம் பேனாவைத் தன் மோதிர விரலில் வைத்து அழுத்தினாள். டக். ஒரு சொட்டு ரத்தம் எழுந்தது. "அழுதேனா? கத்தினேனா?"

"நீ கத்தமாட்ட. உன் கை மரக்கட்டை."

"ஜல்தியா நீட்டு. காபி ஆறுது."

ஸ்பிரிட் பஞ்சால் ஊசி முனையை ஒரு தடவை துடைத்து, அதே பேனாவை அதே ஐந்தில் வைத்து ஆதியின் விரலில் அழுத்தினாள். ஆதி எகிறிக் குதித்தாள். ரத்தம் சொட்டாக வரவில்லை, வழிந்தது.

"கொசுவா இது? தேளுக்கா! தேளு!"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, மெஷின் காட்டிய எண்ணைப் பார்க்க மறந்து, அது அணைந்துபோய், இன்னொரு ஸ்டிரிப் செலவானது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பூங்காவனம் முதலில் குத்திக்கொண்டால்தான் ஆதி விரலை நீட்டுவாள்.

ஒரு நாள் ஆதிக்கு மெஷின் முந்நூற்று நாற்பது காட்டியது. ஆதி வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். அன்புச்செல்வி அந்த வாரம் ஊரில் இருந்தாள். அவள்தான் அம்மாவின் கையை மோந்து பார்த்தாள்.

"ம்மா, மாம்பழம் அரிஞ்சியா?"

"பக்கத்து வூட்டுக் குழந்தைக்கு அரிஞ்சேன். நான் ஒரு துண்டுகூட வாயில வெக்கல. சாமி சத்தியமா."

"வாயில வெக்கல. கையில இருக்குதே." சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மறுபடி பார்த்தார்கள். நூற்று அறுபத்தெட்டு. பழத்தின் சாறு விரலில் இருந்திருக்கிறது, மெஷின் அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. "பெரிம்மா, கை கழுவாம இனிமே குத்தாதீங்க," என்றாள் அன்புச்செல்வி. பூங்காவனம் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். யார் வந்தாலும் முதலில் தண்ணீர்த் தொட்டிக்கு விரட்டுவாள். அந்த ஒரு விஷயத்தில் அவளிடம் யாரும் குறை சொல்ல முடியாது.

யார் வந்தாலும் என்று சொல்லக் காரணம், அதற்குள் வியாழக்கிழமை காலைகளில் அவள் வாசலில் ஆள் சேர ஆரம்பித்திருந்தது. நெசவாளர் தனகோடி வந்தார். அடுத்த தெரு லாவண்யா, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்; பிரசவத்தின்போது ஏறிய சர்க்கரை இறங்கிவிட்டதா என்று அவளுக்குக் கவலை. ஆதியைத் தவிரப் பதினோரு பேர். ஸ்டிரிப்பை அவரவர் கொண்டுவர வேண்டும். பேனாவும் ஊசியும் பூங்காவனத்தினுடையவை. டவுனுக்குப் போய் லேபில் காத்திருந்தால் அரை நாள் தறி நிற்கும். இங்கே இரண்டு நிமிஷம்.

"டாக்டரம்மா, இன்னிக்கு ஓ.பி. உண்டா?" என்று கேட்டுக்கொண்டே தனகோடி உட்காருவார்.

"உண்டு. உன் வாய்க்குத்தான் மருந்து இல்ல."

ஆவணி மாதம் லாவண்யாதான் முதலில் கேட்டாள். "அத்தை, எல்லாருக்கும் ஒரே ஊசியா? எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

கேட்டது நியாயம் என்று பூங்காவனத்துக்குப் பட்டது. மறு வாரமே ஆளுக்கு ஓர் ஊசி என்று பிரித்துவிட்டாள். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு ஊசியின் பிளாஸ்டிக் கழுத்திலும் ஒரு நிறப் பட்டிழை கட்டினாள். லாவண்யாவுக்கு ரோஜா நிறம், தனகோடிக்கு அரக்கு, ஆதிக்குப் பச்சை. பன்னிரண்டு நிறங்களையும் மூடி போட்டு ஒரு டப்பாவில் அடுக்கினாள். அந்த ஒழுங்கைப் பார்த்து எல்லோருக்கும் திருப்தி. பேனாவைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. அது ஒன்றுதான். அதன் வாய் பூங்காவனத்தின் விரலோடு சேர்த்துப் பதின்மூன்று பேர் விரலிலும் பட்டு எழுந்தது. ஆதி மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. "நீ முதல்ல" என்பாள். பூங்காவனம் பச்சை ஊசியைத் தன் விரலில் குத்திக் காட்டி, துடைத்துவிட்டு, அவள் விரலில் வைப்பாள்.

ஐப்பசியில் ஆதிக்குச் சோறு பிடிக்காமல் போனது. பாவின் எதிரில் உட்கார்ந்தபடியே கண் சொருகுவாள். இழை தப்பியது. பதினான்கு வருடத்தில் அவள் கையில் இழை தப்பியதில்லை. சர்க்கரை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். ஒரு காலை அவள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஐந்து நாள் அதிலேயே போனது. ஆறாம் நாள் ஆதி மகளின் பெயரை மாற்றிச் சொன்னாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்: ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் கிருமி. சமீபத்தில்தான் தொற்றியிருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலோர் உடம்பே அதை விரட்டிவிடும். நூற்றில் ஒருவருக்குத்தான் கல்லீரல் இப்படி ஒரேயடியாகச் செயலிழக்கும். அந்த ஒருவராக ஆதிலட்சுமி இருந்தாள்.

பூங்காவனம் போய்ப் பார்த்தபோது ஆதிக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. விரல்கள் மட்டும் ஓயவில்லை. போர்வையின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து எதையோ எடுத்து முன்னால் நீட்டின. நர்ஸ் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். மறுபடி எழுந்தது. பூங்காவனத்துக்குப் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆதி நீட்டிய இல்லாத இழையை வாங்கி முறுக்கினாள். அடுத்ததை வாங்கினாள். பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடிக்கும் வரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் ஆதியின் உயிர் பிரிந்தது.

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். ரத்தம் ஏற்றினார்களா, பல் பிடுங்கினார்களா, பச்சை குத்தினார்களா. எல்லாவற்றுக்கும் இல்லை. ரத்தத்தில் பரவும், உடலுறவிலும் பரவும் என்று ஒரு டாக்டர் சொன்னதை ஆதியின் தம்பி பிரபாகரன் வெளியே நின்று கேட்டான். அது போதுமானதாக இருந்தது. லாரியில் போகிற ஆள். நாலு நாள் கழித்து வருகிற ஆள். தருமனுக்கு ரத்தம் சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. "மருந்து சாப்ட்டு சரி பண்ணிக்கினு இருப்பாரு," என்றான் பிரபாகரன். அன்புச்செல்வி அப்பாவுக்குச் சோறு போட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தருமன் சாப்பிடாமலே தட்டைக் கழுவி வைப்பார்.

ஆதி போன ஐந்தாம் நாள் சுகாதாரத் துறையிலிருந்து முள்ளிப்பட்டுக்கு வந்த பெண்ணின் பெயர் இளமதி. லேப் டெக்னீஷியன். ஆதியின் வீட்டில் விசாரித்துவிட்டு நேராகப் பூங்காவனத்தின் வாசலுக்கு வந்தாள்.

"ஆதியம்மா இங்கதான் சுகர் பாத்துக்குவாங்களாமே. எதுல பாத்தீங்கன்னு காட்டுறீங்களாம்மா?"

பூங்காவனம் பெருமையோடுதான் டப்பாவை எடுத்துவந்தாள். "ஆளுக்கு ஒரு ஊசிங்க. கலக்கவே மாட்டேன். கலர் வெச்சிருக்கேன் பாருங்க."

இளமதி நிறங்களைப் பார்த்தாள். "புதுசு எப்ப மாத்துவீங்க?"

"மழுங்கிச்சின்னா மாத்துவேன்."

"இத ஒரு தடவைக்குத்தான்மா செஞ்சிருக்காங்க. ஒரு குத்து, ஒரு ஊசி. ரெண்டாவது தடவையே முனை வளைய ஆரம்பிச்சிடும். அதான் உங்களுக்கு அஞ்சாம் நம்பர் தேவைப்பட்டிருக்கு. ஸ்பிரிட்ல தொடைச்சா சுத்தமாயிடும்னு நெனைக்காதீங்க. மேல இருக்கிற வழவழப்புதான் போவும். வலி ஜாஸ்தியாவும்." கையுறை மாட்டிக்கொண்டு பேனாவை வாங்கினாள். அதன் மூடியைக் கழற்றி, உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். வட்டமான வாயின் உள்விளிம்பில் கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது ரத்தம்மா. இது தெரியுது. தெரியாதது எவ்ளோ இருக்குன்னு சொல்ல முடியாது. காஞ்ச ரத்தத்துல இந்தக் கிருமி ஏழு நாள் வரைக்கும் சாவாது. நீங்க வாராவாரம் பாத்திருக்கீங்க."

"ஊசியத்தான் மாத்திட்டேனே."

"ஊசி மாத்தினாலும் பேனா ஒண்ணுதானம்மா. வூட்டுக்குள்ளகூடப் புருஷன் பொண்டாட்டி ஒரே பேனாவுல பாக்கக் கூடாது. நாங்க கேம்ப்ல ஆளுக்கு ஒண்ணு குத்திட்டு அப்படியே போடறோமே, அதுல ஊசி தானா உள்ள பூட்டிக்கும். மறுபடி குத்தவே முடியாது. இதுக்குத்தான்."

பூங்காவனம் குனிந்து அந்தப் புள்ளியை மறுபடி பார்த்தாள். இளமதி கேட்டாள்: "யாருக்கு முதல்ல பாப்பீங்க?"

"எனக்குத்தான். நான் குத்திக்கினு காமிச்சாத்தான் ஆதி..."

"அதே ஊசியா?"

பூங்காவனம் டப்பாவிலிருந்து பச்சை இழை கட்டிய ஊசியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

இளமதி அன்றே அவள் ரத்தத்தையும் எடுத்துப் போயிருந்தாள். ஆதி போன ஒன்பதாம் நாள் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லி முடிவைச் சொன்னார்கள். கிருமி அவள் உடம்பில் இருந்தது. புதியது இல்லை, பல வருடப் பழையது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். அவளுக்கு ஒரு நாளும் காய்ச்சல்கூட வந்ததில்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரலைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரை உண்டு.

"ஆதிக்கு என்கிட்டேருந்துதான் போச்சா?"

டாக்டர் இளைஞர். பொய் சொல்லவும் இல்லை, பழி போடவும் இல்லை. "அப்படின்னு எங்களால எழுதித் தர முடியாதும்மா. வேற வழி எதுவும் எங்களுக்குத் தெரியல, அவ்ளோதான். உங்க பேர நாங்க வெளிய சொல்லமாட்டோம். ஒரே பேனாவுல பாத்தவங்க எல்லாரும் வந்து டெஸ்ட் பண்ணிக்குங்கன்னு மட்டும் சொல்றோம்."

அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். பதினோரு பேரும் வந்தார்கள். லாவண்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்பது பேருக்கும் ஒன்றும் இல்லை. தனகோடிக்கு மட்டும் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. எப்போதென்று அவருக்கே தெரியாது. கொஞ்ச நாள் அசதியாக இருந்தது, தறி வேலை ஜாஸ்தி என்று நினைத்தாராம். அவர் உடம்பு அதை விரட்டிவிட்டிருந்தது. மற்ற பத்துப் பேருக்கும் தடுப்பூசி ஆரம்பித்தார்கள். ஒன்று இப்போது, ஒன்று அடுத்த மாதம், ஒன்று ஆறாம் மாதம். அதற்குள் இன்னொரு முறை ரத்தமும் பார்க்க வேண்டும், இப்போது ஒளிந்திருந்தால் அப்போது தெரியும்.

யாரிடமிருந்து கிளம்பியது என்று ஊருக்குத் தெரியாது. யார் என்று பேச்சு வந்தபோது ஊர் ஆதியைத்தான் சொன்னது. புருஷனிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து பேனாவுக்கு. கதை ஒழுங்காகப் பொருந்தியது. பூங்காவனம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீட்டு வீடாகப் போய்த் தறியடியில் உட்கார்ந்து பிழைப்பவள். ஒரு வாசல் மூடினால் பத்து வாசல் மூடும் என்று அவளுக்குத் தெரியும். அன்புச்செல்வி எட்டு வயதில் பாவுக்கு அடியில் படுத்துத் தூங்கியவள், பெரிம்மா என்று கூப்பிடுகிறவள். வாயைத் திறந்தால் அதுவும் போகும்.

பதினாறாம் நாள் காரியம். பந்தலில் நாற்பது ஐம்பது பேர். ஐயர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டுத் தருமனைக் கூப்பிட்டார். தருமன் ஈர வேட்டியோடு வந்து உட்காரப் போனார்.

"நீ உட்காராத மாமா," என்றான் பிரபாகரன்.

"தம்பி, இன்னா இது..."

"எங்க அக்காவ நீ கொன்னுட்ட. கண்ட எடத்துல படுத்துட்டு வந்து அவளுக்கு ஒட்ட வெச்ச. நீ எள்ளு எறைச்சா அவளுக்குப் போய்ச் சேராது. எழுந்துக்கோ."

யாராவது தடுப்பார்களா என்று தருமன் சுற்றிப் பார்த்தார். கடைசியாக மகளைப் பார்த்தார். அன்புச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். தருமன் எழுந்தார்.

"அவரு உட்காரட்டும்," என்றாள் பூங்காவனம்.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நடுவில் வந்து நின்றாள். "பிரபா, அவருக்கு அந்தக் கிருமி இல்ல. எப்பவும் இருந்தது இல்ல. எனக்குத்தான் இருக்குது. போன வாரமே சுகாதார நிலையத்துல பாத்துச் சொல்லிட்டாங்க. நான் பொறக்கும்போதிலிருந்து இருக்குதாம். எனக்குத் தெரியாது. ஊசிக்கு ஆதி பயப்படுவான்னு நான் மொதல்ல குத்திக்குவேன். அதே ஊசிய அவளுக்குக் குத்துவேன். அப்டித்தான் போயிருக்குது."

யாரோ ஒருத்தி "ஐயையோ" என்றாள். லாவண்யா எழுந்து நின்று கத்தினாள்: "தெரிஞ்சிக்கினே ஏழு நாளா சும்மா இருந்தியா? என் குழந்தைக்குப் பால் குடுக்கலாமா வேணாமான்னு நான் செத்துக்கினு இருந்தேனே!"

"ஆமா. சும்மா இருந்தேன்."

ஐயர் நேரமாகிறது என்றார். தருமன் உட்கார்ந்தார். அவர் இறைத்த எள்ளில் பாதி இலைக்கு வெளியே விழுந்தது.

காரியம் முடிந்ததும் அன்புச்செல்வி அப்பாவிடம் போனாள். அவர் காலருகே உட்கார்ந்து, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "இன்னாத்துக்கு அழுவுற, விடு, விடு," என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். பூங்காவனம் பந்தல் காலருகே காத்திருந்தாள். அன்புச்செல்வி முகம் கழுவிவிட்டு அவளிடம் வந்தாள்.

"வேணும்னு செய்யலன்னு தெரியும் பெரிம்மா," என்றாள். "ஆனா நீங்க இங்க வராதீங்க. உங்க கையப் பாத்தா எனக்கு அம்மா விரல நீட்டுறதுதான் தெரியுது."

பூங்காவனம் சரி என்றாள். ஆதியின் வீட்டு வழியாகப் போகும் தெருவில் அதன்பின் அவள் நடப்பதில்லை.

இரண்டு மாதம் போன் வரவில்லை. ராஜ்குமார் சென்னைக்குக் கூப்பிட்டான். அவள் போகவில்லை. இளமதி ஒரு நாள் வந்து ரத்தம் எடுத்துவிட்டு, அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். மோதிர விரலும் சுண்டு விரலும் காய்த்துக் கறுத்திருந்தன.

"நடுவுல குத்தாதீங்கம்மா. ஓரமா குத்துங்க, வலி கம்மி. ரெண்டு கையிலயும் மாத்திக்கினே இருங்க. உங்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டியும் வேணும்னா மிச்சம் ஆறு விரல் இருக்கே." புதுப் பேனா ஒன்றில் புது ஊசி போட்டு இரண்டாம் எண்ணில் வைத்தாள். "சோப்புப் போட்டுக் கழுவி, தொடைச்சிட்டு, கையத் தொங்கப் போடுங்க கொஞ்ச நேரம். பிதுக்காதீங்க. வரலன்னா அடுத்த தடவ மூணு. எடுத்தவுடனே அஞ்சுக்குப் போவக்கூடாது."

இரண்டிலேயே ரத்தம் வந்தது. சின்ன, உருண்டையான ஒரு சொட்டு. பூங்காவனத்துக்கு வலியே தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் உடைந்து அழுதாள். புது ஊசி, இரண்டாம் எண். இப்படி வைத்திருந்தால் ஆதி குதித்திருக்க மாட்டாள். முதலில் நீ என்று கேட்டிருக்கவும் மாட்டாள். குத்திக் காட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காது. இளமதி, பயன்படுத்திய ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் போட்டு மூடியைத் திருகி, "குப்பையில போடாதீங்க, அள்றவங்க கையில ஏறும், நெறைஞ்சதும் எங்ககிட்ட குடுங்க," என்று சொல்லி, அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தை கடைசியில் கலசப்பாக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. பரிமளா என்ற நெசவாளர். ஆறேழு வருடத்துக்கு முன் பூங்காவனமும் ஆதியும் போய்ப் பிணைத்துக் கொடுத்த வீடு. முள்ளிப்பட்டுச் செய்தி அங்கே எட்டவில்லை. பூங்காவனம் பஸ் ஏறிப் போய், வாசலிலேயே நின்று சொன்னாள்.

"எனக்கு உடம்புல ஹெபடைடிஸ் பி கிருமி இருக்குதுங்க. ரத்தத்துலதான் பரவும். தொட்டா, ஒண்ணா சாப்ட்டா ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கையில வெட்டு கிட்டு இல்ல, காமிக்கிறேன். சரின்னா உள்ள வரேன். இல்லன்னா அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்."

பரிமளா கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தாள். "பாவு கெடக்குது, தறி ஒரு வாரமா நிக்குது. வாங்க," என்றாள்.

எதிரில் உட்கார ஆள் இல்லை. பரிமளாவே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள். பழக்கமில்லாத கை. இழையின் நடுவைப் பிடித்து நீட்டினாள். பூங்காவனம் வாங்கி, நுனியைத் தேடி, சாம்பல் தொட்டு முறுக்கினாள். நூறு இழை ஆவதற்குள் பரிமளாவுக்கு முதுகு வலித்தது. நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு உங்ககூட ஒருத்தங்க வந்தாங்களே, எடுத்துக் குடுக்கிறவங்க. பேசிகினே இருப்பாங்க, நாங்கல்லாம் சிரிச்சி வயிறு வலிச்சிச்சே. அவங்க வரலியா?"

பூங்காவனத்தின் விரல்களுக்கு நடுவில் இரண்டு இழைகள் பாதி முறுக்கில் நின்றன. விட்டால் பிரிந்துவிடும். அவள் முறுக்கி முடித்தாள். இழுத்துப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது.

"அவ பேரு ஆதிலட்சுமி," என்றாள். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.